‘செட்டப் டைம் 2 மணி’: ஒரு பலூன் அலங்காரக் கேப்ஷனைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

பிறந்தநாள் விழாக்களுக்குப் பலூன் அலங்காரம் செய்து தருவது என் தொழில். இந்த ஆய்வு நான் எழுதிய ஒரு கேப்ஷனைப் பற்றியது. ஓர் அலங்காரப் படத்தின் கீழ் நான் அதை எழுதி வைத்திருந்தேன். அதில் இருந்த ஐந்து வாக்கியங்களில் நான்கு, ஒரே விழாவில் ஒன்றன் பின் ஒன்றாக என்னைச் சிக்கலில் மாட்டிவிட்டன. கேப்ஷன் இதுதான்:

“மூன்று பேக்கேஜ்கள்: பேசிக் 100 பலூன், ஸ்டாண்டர்டு 200 பலூன், பிரீமியம் 400 பலூன். எந்தத் தீமிலும் எந்த நிறத்திலும் செய்து தரப்படும். செட்டப் டைம் 2 மணி. அட்வான்ஸ் 50%. தேதியை பிளாக் செய்ய மெசேஜ் அனுப்பவும்.”

எழுதியபோது இதில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. படிப்பவருக்குத் தேவையான மூன்று செய்திகளும், அதாவது என்ன கிடைக்கும், எவ்வளவு நேரம் ஆகும், முன்பணம் எவ்வளவு என்பவை, இதில் இருப்பதாகவே நினைத்தேன்.

இந்தக் கேப்ஷனைப் பார்த்து, தன் குழந்தையின் மூன்றாம் பிறந்தநாளுக்காக ஒரு தாயார் ஸ்டாண்டர்டு பேக்கேஜைத் தேர்ந்தெடுத்தார். விருந்து மாலை 5 மணிக்கு, ஓர் அரங்கின் மேல் மாடியில். காட்டு விலங்குத் தீம். பேக்கேஜுக்கு மேல் இரண்டு சேர்க்கைகள் கேட்டார்: குழந்தையின் பெயர் ஒளிரும் ஒரு விளக்குப் பலகை, ஹீலியம் நிரப்பிய ஒரு பலூன் கொத்து. இனி வரும் கணக்குகளில் பேக்கேஜின் தொகையை 100 பங்கு என்று வைத்துக்கொள்கிறேன்; விலை ஊருக்கு ஊர் மாறும், பங்குகளின் விகிதம் அவ்வளவாக மாறுவதில்லை. சேர்க்கைகள் ஒவ்வொன்றும் 12 பங்கு. ஆக மொத்தம் 124.

விழா நாளன்று பிற்பகல் 2 மணிக்கு அந்தத் தாயாரின் தம்பி அரங்கின் சாவியை வாங்கிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். நான் அப்போது என் கிடங்கில் வண்டியில் ஃபிரேம்களை ஏற்றிக்கொண்டிருந்தேன். நான்காவது முறை அழைத்தபோதுதான் அவர் குரல் உயர்ந்தது: “அண்ணா, ரெண்டு மணின்னுதானே போட்டிருந்தீங்க?” நான் எழுதியது இரண்டு மணி நேரம் என்ற பொருளில். ‘டைம்’ என்ற சொல் ஏற்கெனவே வந்துவிட்டதால் ‘நேரம்’ என்று இன்னொரு முறை எழுதத் தோன்றவில்லை. ஆனால் தமிழில் ‘2 மணி’ என்றால் கடிகாரத்தில் இரண்டு மணி என்பதே முதல் பொருள். அந்தத் தம்பி படித்ததில் தவறே இல்லை. 5 மணி விருந்துக்கு 2 மணிக்கு வருகிறார்கள் என்பது அவருக்கு இயல்பாகவே பொருந்தியது. 5 மணிக்கு இரண்டு மணி நேரம் முன்பு வந்தால் போதும் என்பது எனக்கு இயல்பாகப் பொருந்தியது.

நான் அரங்கை அடைந்தபோது 3.05. வேலை முடிந்தபோது 6 மணி. முதல் விருந்தினர்கள் வந்தபோது பின்திரையின் ஒரு பக்கம் மட்டுமே பலூன்களால் நிறைந்திருந்தது. மறு பக்கத்தில் வெறும் இரும்பு வளையம் தெரிந்தது. ஹீலியம் கொத்து வரவே இல்லை. அதன் கதையைப் பிறகு சொல்கிறேன்.

தாமதத்துக்குக் காரணம் அந்த ஒரு மணி நேரக் குழப்பம் மட்டும் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் என் கணக்குப்படியே 3.05-க்கு வந்திருந்தால் 5.05-க்கு முடிந்திருக்க வேண்டும். மீதி 55 நிமிடம் எங்கே போனது என்று பார்த்தால்தான் ‘இரண்டு மணி நேரம்’ என்ற எண்ணே தவறானது என்பது விளங்கும்.

அந்த எண்ணை நான் வேலையின் பகுதிகளைக் கூட்டித்தான் பெற்றிருந்தேன். ஸ்டாண்டர்டு பேக்கேஜில் இருநூறு பலூன்கள். இரண்டு முனை கொண்ட மின்பம்பை வைத்துக்கொண்டு, அளவுப்பெட்டியில் அளவு பார்த்து, இரண்டிரண்டாக முடிச்சுப் போட்டு, ஒருவர் மணிக்கு ஏறக்குறைய நூற்றைம்பது பலூன்களை முடிப்பார். இரண்டு பேர் என்றால் இருநூறுக்கு நாற்பது நிமிடம். அவற்றை நான்கு நான்காகப் பின்னி, வளையத்தில் கட்டி, இடைவெளிகளில் சின்ன பலூன்களை ஒட்ட இன்னொரு நாற்பது நிமிடம். ஃபிரேமை நிறுத்தித் துணி இழுத்துக் கட்ட இருபது. கேக் மேடை, உருளைத் தூண்கள், விளக்கு, கடைசியில் தரையைப் பெருக்குவது ஆகியவற்றுக்கு இருபது. கூட்டினால் சரியாக இரண்டு மணி நேரம். கணக்கில் பிழை இல்லை. ஆனால் அது பொருள்கள் எல்லாம் பின்திரை நிற்கும் இடத்தில் இறங்கி, கையை நீட்டினால் எடுக்கும் தூரத்தில் இருக்கும் கணத்திலிருந்து தொடங்கும் கணக்கு. வண்டியிலிருந்து இறக்கி, லிஃப்டுக்குக் காத்திருந்து, நீளமான ஃபிரேம் குழாய்கள் லிஃப்டில் நுழையாததால் படியில் தூக்கிச் சென்றதில் இருபது நிமிடம் போயிற்று. அதை நான் எந்த விழாவிலும் எண்ணியதில்லை. வழக்கமாக அரை மணி நேரம் முன்கூட்டியே போய்விடுவதால் அந்த இருபது நிமிடம் கண்ணில் படாமலே கரைந்துவிடும்.

மீதி முப்பத்தைந்து நிமிடம் நிறத்தில் போனது. கேப்ஷனில் ‘எந்த நிறத்திலும்’ என்று எழுதியிருந்தேன். எப்போது வரை நிறத்தைச் சொல்லலாம் என்று எழுதவில்லை. விழாவுக்கு முந்தின இரவு அந்தத் தாயார் மஞ்சளை விட்டுவிட்டு, சாம்பல் கலந்த மங்கிய பச்சை வேண்டும் என்றார். கேப்ஷனுக்கு மேலே இருந்த படத்தில் இருந்ததே அந்தப் பச்சைதான். அது பாக்கெட்டில் அப்படியே கிடைத்த நிறம் அன்று. மண் நிறப் பலூனை வெளிர் பச்சைப் பலூனுக்குள் நுழைத்து இரண்டையும் சேர்த்து ஊதினால் வருவது. எங்கள் தொழிலில் இதை டபுள் ஸ்டஃப் என்போம். வெளித்தோல் ஊதும்போது மெலிந்து கண்ணாடித்தன்மை பெறும். உள்ளே இருக்கும் நிறம் அதன் வழியே கசிந்து, பளபளப்பு அடங்கிய ஒரு நிறம் பிறக்கும். படத்தில் மிக அழகாக இருக்கும், அதனால்தான் எல்லோரும் அதையே படமாக வைக்கிறோம். ஆனால் ஒவ்வொரு பலூனுக்கும் இரண்டு பலூன் செலவு. ஒரு மெல்லிய குச்சியால் ஒன்றை மற்றொன்றுக்குள் தள்ள இருபத்தைந்து வினாடி வரை ஆகும். ஊதும்போது இரண்டு தோலுக்கும் நடுவில் காற்று புகுந்துகொண்டால் மறுபடியும் விட்டு ஊத வேண்டும். பெரிய பலூன்கள் தொண்ணூறு. இரண்டு பேர் உட்கார்ந்து நுழைக்க இருபது நிமிடம், ஊதுவதில் கூடுதலாகப் பதினைந்து. நிறம் மூன்று நாள் முன்பு உறுதியாகியிருந்தால் இந்த நுழைக்கும் வேலையை ஊதாத பலூன்களில் முந்தின நாளே முடித்து, உறையில் போட்டுக் கொண்டுவந்திருப்போம். அரங்கில் அது ஒரு நிமிடத்தையும் தின்றிருக்காது.

அப்படியென்றால் காலையிலேயே ஊதிக் கட்டி எடுத்துவந்தால் என்ன என்று கேட்கலாம். மூன்று, நான்கு அடித் துண்டுகளாகக் கட்டி, பெரிய பைகளில் போட்டுக் கொண்டுவருவது உண்டு. ஆனால் அதற்கு வண்டி பெரியதாக வேண்டும், வெயிலில் நின்ற மூடிய வண்டிக்குள் காற்று விரிந்து பலூன்கள் வெடிக்கத் தொடங்கும். முன்கூட்டியே முடித்துவிடுவதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. குளிரூட்டிய அறையில் காற்று நிரப்பிய ரப்பர் பலூன் மாலை ஓரிரு நாள் தாங்கும். வெயில் படும் திறந்தவெளியில் சிறிது நேரத்திலேயே அதன் பளபளப்பு போய், மேல்தோல் வெல்வெட் துணி போல மங்கிவிடும். கருமையான நிறங்கள் சூட்டை அதிகம் வாங்கிக்கொண்டு முதலில் வெடிக்கும். ஆகவே திறந்தவெளி விழாவுக்கு நேரத்தை முன்னே தள்ள முடியாது, ஆட்களைத்தான் கூட்ட வேண்டும். இதனால்தான் ஒரே ‘செட்டப் டைம்’ எண் எல்லா விழாவுக்கும் பொருந்தாது.

அடுத்தது பலூன் எண்ணிக்கை. விழா முடிந்த மறுநாள் அந்தத் தாயார் ஒரு படத்தை அனுப்பி, அதில் தெரிந்த பலூன்களை எண்ணிப் பார்த்ததாகவும், நூற்றைம்பதுக்கு மேல் வரவில்லை என்றும் எழுதினார். படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறார் என்பதில் எனக்குக் கொஞ்சம் வியப்புதான், ஆனால் அந்த எண்ணிக்கையைத் தொகைக்கு ஈடாகக் கேப்ஷனில் வைத்தது நான். பின்னால் மறைந்திருந்தவற்றைச் சேர்த்தால் இருநூறு இருந்தது. இருந்தும் அவர் கேள்வி சரியான இடத்தைத்தான் தொட்டது. பலூன் எண்ணிக்கை எதையும் அளப்பதில்லை. 5 அங்குலப் பலூன் ஒன்றும் 10 அங்குலத்துக்கு ஊதிய பலூன் ஒன்றும் எண்ணிக்கையில் சமம். ஆனால் முன்னாலிருந்து பார்த்தால் சின்னது பெரியதில் நான்கில் ஒரு பங்கு இடத்தைத்தான் மறைக்கும், உள்ளே பிடிக்கும் காற்றோ எட்டில் ஒரு பங்கு. என் இருநூறில் நூற்றுப்பத்து சின்னவை. வேறொருவர் இருநூறையும் பெரியதாக ஊதினால் அதே எண்ணில் ஒன்றரை மடங்குக்கும் மேல் பெரிய அலங்காரம் கிடைக்கும். இன்னொருவர் சின்ன பலூன்களைக் கூட்டியே நானூறு காட்டிவிடலாம். எனவே பேக்கேஜைச் சொல்ல வேண்டியது மறைக்கும் பரப்பால்: எத்தனை அடி அகலம், எத்தனை அடி உயரம், மாலை வளையத்தைச் சுற்றி முழுதாக வருமா அரைவட்டமா, டபுள் ஸ்டஃப் உண்டா இல்லையா.

அதே வரியில் ஒரு குறை இன்னும் இருந்தது. பலூன்கள் மிதக்குமா என்று கேப்ஷன் சொல்லவில்லை. காற்று ஊதிய பலூன்களைக் கூரையில் ஒட்டிப் படமெடுத்தால் அவை மிதப்பது போலவே தெரியும். வாடிக்கையாளர் ஏமாந்ததாக நினைப்பதில் நியாயம் உண்டு. ஹீலியத்தின் போக்கு வேறு. 12 அங்குல ரப்பர் பலூனில் நிரப்பினால் ஏறக்குறைய அரை நாள் முதல் பதினெட்டு மணி நேரம் வரை மிதக்கும், அதனால் விழாவுக்குச் சில மணி நேரம் முன்புதான் நிரப்ப வேண்டும். 5 அங்குலத்துக்கு அது பயன்படாது. ஃபாயில் பலூன் பல நாள் தாங்கும், ஆனால் இறுக்கமாக நிரப்பிச் சூடான இடத்தில் வைத்தால் தையல் விட்டுவிடும்.

இனி அட்வான்ஸ். மற்ற வரிகள் நேரத்தையும் நிறத்தையும் கெடுத்தன. இந்த வரி ஒரு பொருளையே வராமல் செய்தது. ‘அட்வான்ஸ் 50%’ என்று படித்த அந்தத் தாயார் பேக்கேஜ் தொகையில் பாதியை, அதாவது 50 பங்கை அனுப்பினார். நான் எதிர்பார்த்தது சேர்க்கைகள் உட்பட மொத்தமான 124-இல் பாதி, 62. பன்னிரண்டு பங்கு குறைவாக வந்ததைப் பார்த்த என் உதவியாளர், சேர்க்கைகளில் ஒன்றை அவர் கைவிட்டுவிட்டார் என்று எண்ணி, ஹீலியம் சிலிண்டருக்குச் சொல்லி வைக்கவில்லை. அந்த 12, ஹீலியம் கொத்தின் தொகையோடு அச்சாக ஒத்துப்போனது தற்செயல்தான். அந்தத் தற்செயல்தான் அவருடைய ஊகத்தை உறுதிப்படுத்தியது. பணம் வந்தது, தேதி உறுதி என்று நான் ஒரு வரியில் பதில் அனுப்பியிருந்தேன். எவையெல்லாம் உறுதி என்று எழுதவில்லை.

அட்வான்ஸ் ஏன் ஐம்பது விழுக்காடு என்று என்னை நானே கேட்டபோது, எல்லோரும் அப்படி வாங்குகிறார்கள் என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. செலவுகளைப் பிரித்துப் பார்த்தேன். 100 பங்கில், பெயரும் விலங்கு உருவங்களும் சன்போர்டு என்னும் நுரைப் பலகையில் அச்சிட்டு வெட்ட 18, பலூன்களுக்கு 15, வண்டிக்கு 8. இந்த 41 பங்கு விழாவுக்கு முன்பே கையை விட்டுப் போய்விடும் அல்லது வாக்களிக்கப்பட்டுவிடும். இரண்டு பேர் கூலி 22, ஃபிரேம் துணி தேய்மானமும் துவைப்பும் 7. இவை விழா நடந்தால்தான் செலவு. மீதி 30 எனக்கு.

இந்தப் பிரிவினையில் கவனிக்க வேண்டியது, 41 பங்கும் ஒரே நாளில் செலவாவதில்லை என்பது. பதிவு செய்த நாளில் எனக்கு ஒரு செலவும் இல்லை. அந்தத் தேதியை வேறொருவருக்குத் தர முடியாமல் போவது மட்டும்தான் இழப்பு. அச்சுக்குக் கொடுத்த நாளில்தான் பணம் திரும்ப வராத நிலையை அடைகிறது, ஏனென்றால் ஒரு குழந்தையின் பெயர் வெட்டிய பலகையை இன்னொரு குழந்தைக்கு வைக்க முடியாது. ஆகவே முதல் நாளே பாதித் தொகையை வாங்கி, ‘திருப்பித் தரப்படாது’ என்று எழுதுவது வாடிக்கையாளரிடம் நியாயமாகச் சொல்லக்கூடிய காரணம் இல்லாத ஏற்பாடு. எந்தக் காரணமும் கேட்காமல் தருபவர்கள் தருவார்கள். விழா தள்ளிப்போகும்போதுதான் சண்டை வரும். இப்போது நான் அதை இரண்டாக உடைத்துவிட்டேன்: தேதிக்கு 20, அச்சுக்குக் கொடுக்கும் நாளான ஏழு நாள் முன்பு 30. முதல் 20-ஐ ஒரு முறை வேறு தேதிக்கு மாற்றிக்கொள்ளலாம். அச்சுக்குப் பிறகு ரத்தானால் 50-உம் என்னிடமே நிற்கும்; அதில் 41 செலவுக்கு, 9 அந்தத் தேதிக்கு; அச்சிட்ட உருவங்களை அவர்களிடமே கொடுத்துவிடுவேன். மீதிப் பாதியை அலங்காரம் முடிந்து அவர்கள் பார்த்த பிறகு, விருந்து தொடங்கும் முன் வாங்குகிறேன். விருந்துக்குப் பின் என்றால் வீட்டார் களைத்திருப்பார்கள், குழந்தைகள் கீழ்வரிசைப் பலூன்களைப் பிய்த்திருப்பார்கள், அலங்காரம் எப்படி இருந்தது என்ற பேச்சு அந்தக் கந்தலைப் பார்த்துத்தான் நடக்கும்.

அன்றைய கணக்கு இப்படி முடிந்தது. 124-இல் வராத ஹீலியம் கொத்தின் 12-ஐக் கழித்தோம். தாமதத்துக்காக நானே இன்னொரு 10-ஐ விட்டுக்கொடுத்தேன். வந்திருந்த 50 போக 52 பங்கை அவர் மறுநாள் அனுப்பினார். எனக்கு மிஞ்ச வேண்டிய 30-இல் பத்து போயிற்று. முந்தின இரவு விலை கூட்டாமல் ஒப்புக்கொண்ட இரட்டைப் பலூன்களின் செலவும் அதிலேயே போயிற்று.

பிறகு கேப்ஷனை மாற்றி எழுதினேன். பெரும்பாலான திரைகளில் முதல் இரண்டு வரிகளுக்குப் பின் உள்ளவை மடிந்து ஒளிந்துகொள்வதால், பேக்கேஜ்களும் பலூன் எண்ணிக்கையும் இருந்த இடத்தில் நேரத்தையும் முன்பணத்தையும் வைத்தேன்:

“விருந்து 5 மணிக்கு என்றால் அரங்கம் எங்களுக்கு 1 மணிக்குத் திறந்திருக்க வேண்டும், 4 மணிக்கு அலங்காரம் தயாராக இருக்கும். சேர்க்கைகள் உட்பட மொத்தத் தொகையில் 20% வந்தால் தேதி உங்களுக்கு; விழாவுக்கு 7 நாள் முன்பு 30%; மீதி அலங்காரத்தைப் பார்த்த பின். ஸ்டாண்டர்டு பேக்கேஜ்: 8 அடி அகலம், 7 அடி உயரப் பின்திரை, அதைச் சுற்றி அரைவட்ட பலூன் மாலை, பெயர்ப் பலகை, கேக் மேடை. பலூன்கள் காற்று நிரப்பியவை, மிதக்காது, ஹீலியம் தனி. படத்தில் உள்ள மங்கிய நிறங்கள் இரட்டைப் பலூனால் வருபவை, அதற்குத் தொகை கூடும். நிறமும் தீமும் 7 நாள் முன்பு உறுதியாக வேண்டும். ஃபிரேமும் துணியும் எங்களுடையவை, விருந்து முடிந்ததும் எடுத்துக்கொள்வோம். திறந்தவெளி விழாவுக்கு முதலில் பேசுங்கள்.”

‘1 மணிக்கு’ என்பதில் உள்ள அந்த நான்காம் வேற்றுமை உருபைத்தான் நான் அன்று எழுதாமல் விட்டிருந்தேன். கால அளவை எங்குமே சொல்லாமல், கடிகாரத்தின் இரண்டு புள்ளிகளை மட்டும் சொல்வது என்று இப்போது வைத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டுக்கும் நடுவிலுள்ள மூன்று மணி நேரத்தில் பொருள்களை இறக்கி மாடிக்கு ஏற்றும் நேரமும் அடங்கும். அதன் பின் விருந்து வரையிலான ஒரு மணி நேரம் வீட்டார் படமெடுத்துக்கொள்வதற்கு. வேலை பிந்தினால் எனக்கும் அதில்தான் மூச்சு விட இடம்.

இதிலும் ஒரு வரி முழுமையாக வேலை செய்யவில்லை. பல அரங்குகள் முந்தைய விழாவுக்கும் அடுத்த விழாவுக்கும் நடுவில் இரண்டு மணி நேரம்தான் தருகின்றன. 1 மணிக்குத் திறந்திருக்க வேண்டும் என்று நான் எழுதினாலும் சாவி 3 மணிக்குத்தான் வரும். அப்படிப்பட்ட விழாக்களில் இரட்டைப் பலூனை ஒப்புக்கொள்வதில்லை. துண்டு துண்டாகக் கட்டிய மாலையோடு நான்கு பேராகப் போகிறோம், கூடுதல் கூலியைத் தொகையில் சேர்த்து முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதனால் பதிவு செய்ய வருபவரிடம் என்ன தீம் என்று கேட்பதற்கு முன்பு, சாவி எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்றும், அரங்கில் லிஃப்ட் இருந்தால் அதற்குள் ஏழு அடிக் குழாய் நுழையுமா என்றும் கேட்கிறேன்.